பெயர் போடாத போஸ்டும் கிளினிக் படமும்: தேர்வுக் கேள்விக்கு என்ன எழுதுவது?

அஞ்சலை, பகாவ் | மார்ச் 3, இரவு 9.40

பகுதிநேரமாகச் சட்டம் படிக்கிறேன். மாதிரித் தேர்வில் வந்த கேள்வி இது. சுருக்கித் தருகிறேன்.

கமலா ஒரு தோட்டக் கோயிலின் பொருளாளர். பட்டணத்தில் தையல் கடையும் வைத்திருக்கிறார். திருவிழா வசூல் 18,600 வெள்ளி. அதில் 13,800 வெள்ளிக்குத்தான் ரசீது இருக்கிறது. மீதி 4,800 வெள்ளியை மேளத்துக்கும் பந்தலுக்கும் ரொக்கமாகக் கொடுத்ததாகச் சொல்கிறார். ஆண்டுக் கூட்டத்தில் வைக்க வேண்டிய கணக்கு நான்கு மாதம் தாமதம். தேர்தலில் தோற்ற முன்னாள் செயலவை உறுப்பினர் ராஜு, 1,100 பேர் உள்ள ஊர் பேஸ்புக் குழுவில் எழுதுகிறார்: "திருவிழாக் கணக்கு எங்கே? பொருளாளர் அம்மா வீட்டுக்குப் புதுக் காடி வந்த கதை யாருக்காவது தெரியுமா?" அதன் கீழே செல்வி, "உண்டியலையே தின்றவள்" என்று எழுதுகிறார். நீக்கச் சொல்லிக் கமலா கேட்டும் அட்மின் மணி 9 நாள் அப்படியே விட்டுவைக்கிறார். பிறகு ராஜு ஒரு படம் போடுகிறார். கிளினிக்கில் திரைச்சீலை இடுக்கு வழியாக எடுத்தது. கமலா கையில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருக்கிறார். மேலே ஒரு வரி: "கணக்குக் கேட்டால் காய்ச்சல் வந்துவிடும்." கமலாவுக்கு ஆலோசனை கூறுக. 30 மதிப்பெண்.

நான் எல்லாவற்றையும் அவதூறிலேயே அடக்கினேன். படம் உண்மையானது, உண்மை முழுத் தற்காப்பு, ஆகவே படத்துக்கு வழக்கு இல்லை என்று முடித்தேன். 11 கிடைத்தது. எங்கே தவறு?

லாடாங் பாலா | மார்ச் 3, இரவு 10.15

முதல் தவறு, கேஸ் இருக்கிறது என்று ஆரம்பித்ததே. ராஜு பெயரே போடவில்லை. பெயர் இல்லாத போஸ்டுக்கு யார் வழக்குப் போட முடியும்? கேள்வி வேறு கேட்டிருக்கிறார். கேள்வி கேட்பது குற்றமா? தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவில் எம்சிஎம்சி-யிடம் புகார் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

கௌரி | மார்ச் 4, காலை 6.30

பாலா, பெயர் வேண்டும் என்பது பாதி சரி. வேண்டியது அடையாளம், பெயர் அதற்கு ஒரு வழி, ஒரே வழி அல்ல. 1989-ஆம் ஆண்டு சம்பந்தமூர்த்தி வழக்கில் மூன்று படிகளை வரிசையாக வைத்தார்கள்: சொற்கள் அவதூறானவை, அவை வாதியைக் குறிக்கின்றன, மூன்றாம் ஆள் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தன. நம் நாட்டுத் தேர்வாளர் இந்த வரிசையைத்தான் எதிர்பார்ப்பார்.

இரண்டாவது படிக்கு உலகமே கமலாவை அடையாளம் காண வேண்டியதில்லை. அவரை அறிந்த நியாயமான வாசகர் "இது நம் கமலா அக்காதான்" என்று எண்ணினால் போதும். அந்த ஊரில் ஒரே கோயில், ஒரே பொருளாளர், அவர் பெண். பெரிய நகரத்தில் "பொருளாளர் அம்மா" என்றால் நூறு பேர் இருக்கலாம். லயத்து மனிதர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்த பட்டணத்தில் அது பெயரைவிடக் கூர்மையான அடையாளம். கேள்வியில் ஊரை ஏன் சொல்லியிருக்கிறார்கள்? இதற்காகத்தான். அஞ்சலை, இந்த விவரத்தை எடுத்து எழுதினாயா?

233 குற்றவியல். "கமலாவுக்கு ஆலோசனை" என்று டார்ட்ஸ் எனும் உரிமையியல் தீங்குச் சட்டத் தாளில் கேட்டால் உரிமையியல் வழக்குதான் விடை. 233 பற்றி ஒரு வரி போதும்.

சுப்பையா, ஓய்வுபெற்ற கிராணி | மார்ச் 4, காலை 11.05

பிள்ளைகளே, நான் சட்டம் படித்தவன் அல்ல. என் மகன் காடி பட்டறை வைத்திருக்கிறான். ஒருவர் அவன் படத்தோடு "ஏமாற்றுக்காரன், பழைய சாமான் மாட்டுகிறான்" என்று போட்டுவிட்டார். போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தோம். "இது சிவில், வக்கீலைப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. இனிமேல் ஒன்றும் செய்ய முடியாதா? வாடிக்கையாளர் பாதிப் பேர் போய்விட்டார்கள்.

கௌரி | மார்ச் 4, மதியம் 1.20

ஐயா, காலம் போய்விடவில்லை. தீபகற்ப மலேசியாவில் அவதூறுக்குக் காலவரம்பு 6 ஆண்டு. ஆனால் தாமதிக்க வேண்டாம், போஸ்ட் காணாமல் போகும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. போஸ்டின் முகவரி, தேதி, போட்டவரின் பக்கம், அதைப் பார்த்துவிட்டு உங்களிடம் பேசிய இரண்டு பேரின் பெயர் இவ்வளவும் குறித்து வைத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள். எதிராளியும் ஒன்று கேட்பார்: பழைய சாமான் மாட்டியது உண்மையா? அந்தப் பில்களைத் தம்பி எடுத்து வைக்கட்டும்.

பாலா | மார்ச் 4, இரவு 8.50

சரி, அடையாளம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 4,800-க்கு ரசீது இல்லை என்பது கேள்வித்தாளிலேயே இருக்கிறது. கணக்கு தாமதம் என்பதும் இருக்கிறது. ராஜு சொன்னது அத்தனையும் உண்மை. பிறகு ஏது அவதூறு?

கௌரி | மார்ச் 5, அதிகாலை 5.50

இங்கேதான் முழுக் கேள்வியின் உயிர் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

ராஜு சொன்னது உண்மையா என்று கேட்கும் முன், ராஜு என்ன சொன்னார் என்று முடிவு செய்ய வேண்டும். போஸ்டில் இரண்டு வாக்கியம் இருக்கிறது. முதல் வாக்கியத்தைத் தனியாக வெட்டி எடுத்தால் "கணக்கு வரவில்லை" என்றுதான் பொருள். அது உண்மை. இரண்டாவதைத் தனியாக எடுத்தால் "புதுக் காடி வாங்கியிருக்கிறார்". அதுவும் உண்மையாக இருக்கலாம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் மூன்றாவதாக ஒரு பொருள் பிறக்கிறது: திருவிழாப் பணத்தில் காடி வாங்கினார். ராஜு அதை எங்கும் எழுதவில்லை. ஆனால் சாதாரண வாசகர் போஸ்டை வெட்டி வெட்டிப் படிப்பதில்லை, ஒரே மூச்சில் படிக்கிறார். நீதிமன்றமும் அப்படித்தான் படிக்கும். கேள்விக்குறி போட்டதால் குற்றச்சாட்டு விலகிவிடாது. "யாருக்காவது தெரியுமா" என்று கேட்பவருக்கு விடை தெரியும் என்பது படிக்கிறவருக்குத் தெரியும்.

ஆகவே ராஜு எதை நிரூபிக்க வேண்டும்? திருட்டை. ரசீது இல்லாததை அல்ல. நம் சட்டத்தில் சொன்னது பொய் என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். உண்மை என்று காட்டும் சுமை சொன்னவர் தலையில். மேளக்காரரையும் பந்தல்காரரையும் கூப்பிட்டுக் கேட்டு, அவர்கள் பணம் வாங்கவில்லை என்று ராஜு காட்டினால் அது வேறு கதை. கேள்வியில் அப்படி எதுவும் இல்லை.

ஒரு படி இறக்கி, "திருடினார் என்று சொல்லவில்லை, சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது என்றுதான் சொன்னேன்" என்று ராஜு வாதாடலாம். அது நல்ல வாதம். விடையில் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். அந்தப் பொருளை நீதிபதி ஏற்றால் ரசீது இல்லாத 4,800 வெள்ளி ராஜுவுக்கு உதவும். பொருள் எது என்பதை முதலில் பொருத்தாமல் தற்காப்புக்குத் தாவினால், யாருக்கு எது உதவும் என்றே சொல்ல முடியாது. அஞ்சலை, உன் 11-க்கு முதல் காரணம் இதுவாக இருக்கலாம்.

கௌரி | மார்ச் 5, காலை 7.10

நியாயமான கருத்து என்ற தற்காப்பை விட்டுவிட்டேன். கோயில் பணம் ஊர்ப் பணம், பொதுநலன் சம்பந்தப்பட்டது, அதில் தகராறு இல்லை. "கணக்கை இப்படி இழுத்தடிப்பது பொறுப்பில்லாத செயல்" என்று எழுதியிருந்தால் அது கருத்து, ராஜு தப்பித்திருப்பார். காடி வரி கருத்தா, நடந்த ஒன்றைச் சொல்வதா? எனக்கு அது இரண்டாவதாகத்தான் படுகிறது. செல்வியின் "உண்டியலையே தின்றவள்" வெளிப்படையான குற்றச்சாட்டு. செல்வி தனிப் பிரதிவாதி. ராஜு சொன்னதை நம்பி எழுதினேன் என்பது அவருக்குத் தற்காப்பு ஆகாது.

கோயில் உறுப்பினர் என்ற முறையில் கேட்டேன், சிறப்புரிமை உண்டு என்று ராஜு சொல்வார். செயலவைக்குக் கடிதம் எழுதியிருந்தால் சரி. 1,100 பேர் உள்ள குழுவில் கோயிலுக்கே வராதவர்களும் இருக்கிறார்கள். தேர்தலில் தோற்றவர் என்ற விவரம் தீய நோக்கத்துக்காகப் போட்டிருக்கிறார்கள். அதை மட்டும் வைத்துத் தீய நோக்கம் நிரூபணம் ஆகிவிட்டது என்று எழுதிவிடாதே, அது ஒரு தடயம்தான்.

வசந்தி | மார்ச் 5, மதியம் 12.40

மணி பாவம். அவர் ஒன்றுமே எழுதவில்லையே. நானும் எங்கள் தமிழ்ப்பள்ளி பெற்றோர் குழுவுக்கு அட்மின். 300 பேர் என்ன எழுதுகிறார்கள் என்று உட்கார்ந்து பார்க்க முடியுமா?

சேகரன், சிரம்பான் | மார்ச் 5, இரவு 9.30

பதினைந்து ஆண்டாக இந்த வகை வழக்குகளைப் பார்க்கிறேன். அம்மா, சாட்சியச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 114ஏ பிரிவைப் படியுங்கள். தன் பெயரோ படமோ புனைபெயரோ காட்டி ஒரு பக்கத்தின் உரிமையாளர், நிர்வாகி என்று இருப்பவர், அதில் வந்ததை வெளியிட்டவர் என்றே அனுமானிக்கப்படுவார். இல்லை என்று காட்டும் சுமை அவருடையது.

மலேசியாகினி வழக்கில், 2021 பிப்ரவரியில், வாசகர் எழுதிய பின்னூட்டங்களுக்காகக் கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தளத்துக்கு 5 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. ஏழு பேரில் ஆறு பேர் அப்படி. நளினி பத்மநாதன் மட்டும் மாறுபட்டார். போலீஸ் சொன்னதும் அவர்கள் நீக்கிவிட்டிருந்தார்கள், அப்படியும்.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. அது நீதிமன்ற அவமதிப்பு வழக்கு, அவதூறு அல்ல. மேலும், பிரதிவாதி ஒரு செய்தி நிறுவனம். மணி சம்பளம் இல்லாத அட்மின். ஒப்புமையாகப் பயன்படுத்தலாம், அப்படியே பொருத்தக் கூடாது. மணியைக் கவிழ்ப்பது அனுமானம் மட்டும் அல்ல, அந்த 9 நாள். கமலா சொன்ன பிறகும் விட்டுவைத்தார். "எனக்குத் தெரியாது" என்ற வாசல் அப்போதே மூடிவிட்டது.

வசந்தி | மார்ச் 5, இரவு 9.52

இப்போதே போய் மூன்று போஸ்டை நீக்கிவிட்டு வந்தேன்.

அஞ்சலை | மார்ச் 6, இரவு 10.05

அவதூறு புரிகிறது. படம்? அதற்குத்தான் என் தூக்கம் போகிறது. படத்தில் எதுவும் பொய் இல்லையே.

பாலா | மார்ச் 6, இரவு 10.20

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010. படம் தனிநபர் தரவு, உடல்நலம் அதிலும் நுண்ணிய தரவு. முடிந்தது.

கௌரி | மார்ச் 7, காலை 6.15

பாலா, அந்தச் சட்டம் வணிகப் பரிவர்த்தனை சார்ந்த தரவுக்குத்தான். ராஜு வணிகம் செய்யவில்லை, வஞ்சம் தீர்த்தார். கிளினிக்கே படத்தைக் கசியவிட்டிருந்தால் உன் விடை நன்றாக நின்றிருக்கும்.

அஞ்சலை, உன் குழப்பம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. அவதூறு ஒருவர் பெயரைக் காக்கிறது. பெயருக்குத் தகுதி இல்லையென்றால் காக்க எதுவும் இல்லை, அதனால் உண்மை அங்கே முழுத் தற்காப்பு. அந்தரங்கம் காப்பது வேறொன்றை: திரைச்சீலைக்குப் பின்னால் படுத்திருக்கும்போது யார் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் உரிமையை. படம் எவ்வளவு உண்மையோ அவ்வளவு காயம். "உண்மை, ஆகவே வழக்கு இல்லை" என்று நீ எழுதியது, ஒரு வீட்டுச் சாவியை அடுத்த வீட்டுப் பூட்டில் போட்டது போல.

என் அம்மா டிரிப்ஸோடு படுத்திருந்த படத்தை ஒரு உறவினர் குடும்பக் குழுவில் போட்டார். பிரார்த்தனைக்காகத்தான் போட்டார். அம்மா மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. "என் முகத்தை ஒருமுறை துடைத்துவிட்டாவது எடுத்திருக்கலாமே" என்றார். அதிலிருந்து இந்தப் பகுதியை என்னால் வெறும் பாடமாகப் படிக்க முடிந்ததில்லை.

சட்டத்துக்கு வருவோம். கேம்பெல் எதிர் எம்ஜிஎன், 2004, ஆங்கில வழக்கு. நியாயமான அந்தரங்க எதிர்பார்ப்பு இருந்ததா, வெளியிடும் உரிமை அதைவிடக் கனமா என்று இரண்டு படி. கமலாவுக்கு இரண்டும் எளிதாகப் பொருந்தும். வெற்றி.

சேகரன் | மார்ச் 7, இரவு 8.45

கௌரி, பொருத்தம் சரி, ஆனால் அந்த "வெற்றி" அவசரம். கேம்பெல் நிற்பது இங்கிலாந்தின் 1998 மனித உரிமைச் சட்டத்தின் தோளில். நமக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. தீபகற்பத்துக்குச் சிவில் சட்டம் 1956-ன் 3-ஆவது பிரிவு கொண்டுவந்தது 1956 ஏப்ரல் 7 அன்று இருந்த ஆங்கிலப் பொதுச்சட்டத்தை. அதன் பிறகு வந்த தீர்ப்புகள் நம் நீதிபதியை வற்புறுத்தலாம், கட்டாது.

ஆங்கிலச் சட்டம் அந்த இடத்துக்கு எப்படி வந்தது என்றும் பாருங்கள். கே எதிர் ராபர்ட்சன் என்று ஒரு வழக்கு, 1991-ல் அறிக்கையானது. நடிகர் கோர்டன் கே தலையில் பலத்த அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தார். பத்திரிகைக்காரர்கள் அறைக்குள் புகுந்து படம் எடுத்தார்கள். ஏறக்குறைய நம் கமலாவின் படம்தான். அந்தரங்க உரிமை என்று ஒன்று ஆங்கிலச் சட்டத்தில் இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் மனமுவந்து பேட்டி கொடுத்தார் என்று காட்டுவது பொய், அந்த அளவுக்கு மட்டும் தடை கிடைத்தது. அப்படியானால் நாம் கேம்பெல் பக்கம் நிற்கிறோமா, கே பக்கம் நிற்கிறோமா? அதுதான் தேர்வாளர் கேட்பது.

கௌரி | மார்ச் 8, காலை 7.00

சேகரன் அண்ணன் திருத்தியது சரி. நானே என் தேர்வில் கேம்பெல்லை வைத்து ஒன்றரைப் பக்கம் எழுதி மதிப்பெண்ணை இழந்தேன். மறுபடியும் அதே பள்ளத்தில் கால் வைத்துவிட்டேன். நம் நாட்டுத் தீர்ப்புகளோடு மீண்டும் எழுதுகிறேன்.

எதிர்ப்பக்கம்: 2004-ல் அல்ட்ரா டைமென்ஷன் வழக்கு. பாலர் பள்ளிக்கு வெளியே திறந்த இடத்தில் எடுத்த படம் விளம்பரத்தில் வந்தது. அந்தரங்க மீறல் ஒரு தனி வழக்குக் காரணம் அல்ல என்றார்கள். 2010-ல் ஒரு பத்திரிகைப் பட வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதே பக்கம்.

நம் பக்கம்: 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பார்த்த ரேலா தொண்டர் படை வழக்கு. கைதான பெண் லாரிக்குள் சிறுநீர் கழிக்கும்போது ஒருவர் படம் எடுத்தார். 2011-ல் அறிக்கையான பினாங்கு வழக்கு: மயக்கத்தில் இருந்த நோயாளியின் மறைவிடத்தை அறுவை மருத்துவர் அனுமதியின்றிப் படம் எடுத்தார். அந்தரங்க மீறலுக்கு வழக்குத் தொடரலாம் என்று உயர்நீதிமன்றம் சொன்னது. அதே காலத்தில் ஜொகூர் பாருவில் அண்டை வீட்டு முற்றத்தை நோக்கி வைத்த சிசிடிவி கேமராவுக்கு எதிராகவும் தீர்ப்பு வந்தது.

இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கோடு தெரிகிறது. திறந்தவெளியில் எடுத்த, சங்கடம் தராத படம் தோற்கிறது. உடலும் மானமும் சம்பந்தப்பட்டது, மூடிய இடத்தில் எடுத்தது வெல்கிறது. கமலா இரண்டாவது வகைக்கு நெருக்கம்: கிளினிக், திரைச்சீலை, நோய். ஆனால் அவர் ஆடை கலைந்து கிடக்கவில்லை, கையில் ஊசி மட்டும். ஆகவே பினாங்கு வழக்கைவிட அவர் வழக்கு மெலிந்தது. இந்த இடைவெளியை நேர்மையாகச் சொல்.

சேகரன் | மார்ச் 8, காலை 10.30

நல்ல கோடு. ஒரு சேர்க்கை. ரேலா மேல்முறையீட்டில் சண்டை, பணம் யார் கட்டுவது என்பதைப் பற்றி. ஆகவே அந்தரங்கம் பற்றி அது எவ்வளவு கட்டுப்படுத்தும் என்பது கேள்விக்குரியது. பினாங்கு தீர்ப்பு உயர்நீதிமன்றத்தினுடையது, 2010 தீர்ப்பு அதற்கு மேலே இருக்கிறது. படிநிலைப்படி பார்த்தால் கமலாவுக்குக் காற்று எதிர்த்திசை.

அரசியலமைப்பையும் யாராவது இழுப்பார்கள். சிவராசா வழக்கில், 2010-ல், 5-ஆவது விதியின் தனிமனித சுதந்திரத்தில் அந்தரங்கமும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் 2005-ல் விமானப் பணிப்பெண் வழக்கில் அதே நீதிமன்றம், அரசியலமைப்பு உரிமையை அரசுக்கு எதிராகத்தான் கேட்கலாம், தனியாருக்கு எதிராக அல்ல என்றது. ராஜு அரசு அல்ல.

கௌரி | மார்ச் 8, இரவு 9.15

அண்ணே, படிநிலையை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் உயர்நீதிமன்றங்கள் 2010-க்குப் பிறகும் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருக்கின்றன. மூடிய கதவு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. "வாதாடத்தக்கது, உறுதியில்லை" என்றுதான் எழுதச் சொல்வேன்.

அப்புறம், நானும் ஒன்றைத் தவறவிட்டேன். படம் உண்மைதான், படத்தின் மேலே உள்ள வரி? "கணக்குக் கேட்டால் காய்ச்சல் வந்துவிடும்." கணக்கிலிருந்து தப்பிக்க நோயாளி வேஷம் போடுகிறார் என்றுதானே பொருள்? ஆகவே படமும் வரியும் சேர்ந்து மறுபடியும் அவதூறுக்குள் வருகின்றன, இந்த முறை உறுதியான காலில். கே வழக்கிலும் அப்படித்தான் நடந்தது. அந்தரங்க வாசல் மூடியிருந்தபோது பொய் என்ற வாசல் வழியாகத்தான் கொஞ்சமாவது கிடைத்தது. ஆகவே மார்ச் 7-ல் நான் எழுதியதை மாற்றிக்கொள்: படத்துக்கு இரண்டு வழக்குக் காரணம், வரிக்கு அவதூறு, பார்வைக்கு அந்தரங்கம்.

சுப்பையா | மார்ச் 9, காலை 9.00

வக்கீலைப் பார்த்துவிட்டோம். 10 லட்சம் கேட்கலாமா என்று மகன் கேட்டான். வக்கீல் அம்மா சிரித்தார்.

சேகரன் | மார்ச் 9, மதியம் 1.10

ஐயா, 1995-ல் வின்சென்ட் டான் வழக்கில் ஒரு கோடி வெள்ளி வரை போனது. அதன் பிறகு 2001-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் போக்குக்குக் கடிவாளம் போட்டது. செஷன்ஸ் நீதிமன்றத்தில் பட்டறை நட்டத்தைக் கணக்கோடு காட்டுங்கள், அதுதான் பலம். எதிராளி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டால் தொகை குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாலா | மார்ச் 9, இரவு 8.30

இன்னொன்று. ராஜு எழுதாமல் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் சொல்லியிருந்தால்? அது வாய்மொழி அவதூறுதானே, நட்டத்தை நிரூபிக்க வேண்டுமே?

கௌரி | மார்ச் 9, இரவு 9.40

நல்ல கேள்வி. வாய்மொழி என்று நினைத்தேன், ஆனால் வாய்ஸ் நோட் காற்றில் கரைவதில்லை, போனில் தங்குகிறது, திரும்பத் திரும்பக் கேட்கலாம். அவதூறுச் சட்டம் 1957 வானொலி ஒலிபரப்பை நிரந்தர வடிவம் என்கிறது. வாய்ஸ் நோட்டை மனதில் வைத்து எழுதிய சட்டம் அல்ல அது. இரண்டு பக்கமும் வாதாடலாம். வாய்மொழி என்றே ஆனாலும், தொழிலிலோ பதவியிலோ ஒருவரைத் தாழ்த்தும் சொல்லுக்கு 5-ஆவது பிரிவின்படி தனி நட்டம் காட்ட வேண்டியதில்லை. கமலா கோயிலில் பொருளாளர். சம்பளம் இல்லாத பதவியும் அதில் அடங்குமா?

சேகரன் | மார்ச் 9, இரவு 10.25

அடங்கும் என்று நான் வாதாடுவேன். எதிர்த்தரப்பில் இருந்தால் அடங்காது என்றும் வாதாடுவேன்.

அஞ்சலை | மார்ச் 10, இரவு 11.30

அந்தரங்கப் பத்தியை மட்டும் மறுபடி எழுதினேன். பாருங்கள்:

"படம் உண்மை என்பது இங்கே ராஜுவுக்கு உதவாது. கமலா திரைச்சீலைக்குப் பின்னால் சிகிச்சை பெற்றார். பார்க்கப்பட மாட்டோம் என்று எதிர்பார்க்க அவருக்கு நியாயம் உண்டு. ஆனால் மலேசியாவில் அந்தரங்க மீறல் தனி வழக்குக் காரணமா என்பதில் தீர்ப்புகள் பிளவுபட்டுள்ளன. 2010 மேல்முறையீட்டுத் தீர்ப்பு அவருக்கு எதிராக இருக்கிறது. பினாங்கு வழக்கு ஆதரவாக இருந்தாலும் அங்கே மீறல் மிகக் கடுமையானது. ஆகவே கமலா படத்தின் மேலுள்ள வரியை வைத்து அவதூறை முதன்மையாகவும், அந்தரங்க மீறலை மாற்றுக் காரணமாகவும் முறையிட வேண்டும். கோயில் கணக்கில் ஊருக்கு அக்கறை உண்டு. அவர் கையில் ஏறும் மருந்தில் இல்லை."

கௌரி | மார்ச் 11, காலை 6.20

கடைசி வரி எனக்குப் பிடித்திருக்கிறது, வைத்துக்கொள். "பார்க்கப்பட மாட்டோம்" என்பதை "படம் எடுக்கப்பட மாட்டோம்" என்று மாற்று. தாதி பார்ப்பார், பக்கத்துப் படுக்கைக்காரர் பார்ப்பார், அது வேறு. வழக்குப் பெயர்களை முழுதாக எழுது. செல்வியை இந்த முறையும் மறந்துவிட்டாய், அவளுக்கு நான்கு மதிப்பெண்ணாவது இருக்கும்.